பத்து எடைகளைப் படிக்கத் தெரிந்தால்: மைக்ரோபைப்பெட் எங்கே பிசகுகிறது என்று கண்டுபிடிப்பது

சேலத்தில் ஜவ்வரிசியும் குடிநீரும் சோதிக்கிற சின்ன ஆய்வகம் எங்களுடையது. போன ஏப்ரலில் ஒருநாள் மதியம், புதிதாகச் சேர்ந்த பெண் நோட்டோடு வந்து நின்றாள். “அக்கா, இருநூறு பைப்பெட் ஃபெயில் ஆயிருச்சுங்க. கீயப் போட்டுத் திருப்பிரட்டுங்களா?”

பைப்பெட்டின் அளவைத் திருத்துகிற அந்தக் கீயைப் பிடுங்கி மேசைக்குள் வைத்துவிட்டு நோட்டை வாங்கிப் பார்த்தேன். 200 மைக்ரோலிட்டரில் வைத்து, டிஸ்டில்டு வாட்டரைப் பத்து முறை குப்பியில் விட்டு எடுத்த எடைகள், மில்லிகிராமில், எடுத்த வரிசையிலேயே இருந்தன:

```
196.7  197.8  198.4  198.7  198.5
198.9  198.6  198.8  198.4  198.8
```

வரிசையை மாற்றாமல் எழுதியிருந்தாளே, அதற்கே ஒரு டீ வாங்கிக் கொடுக்கலாம். சராசரியும் திட்டவிலக்கமும் போட்ட மறுநிமிடம் வரிசை மறைந்துவிடும். பைப்பெட்டுக்கு என்ன கோளாறு என்ற சேதி பெரும்பாலும் அந்த வரிசையில்தான் இருக்கிறது. கீழே வருவதெல்லாம் அதைப் படிக்கிற முறைதான்.

முதலில் கணக்கு

தராசு காட்டுவது எடை, நமக்கு வேண்டியது கன அளவு. ஒரு மில்லிகிராம் தண்ணீர் சரியாக ஒரு மைக்ரோலிட்டர் ஆகாது. தண்ணீரின் அடர்த்தி வெப்பநிலையோடு மாறும், காற்றும் தண்ணீரைக் கொஞ்சம் மேலே தாங்கும். இரண்டையும் சேர்த்துத் திருத்துகிற எண்ணுக்கு Z என்று பெயர். கடல் மட்டத்தில் 20 டிகிரியில் அது 1.0029. எங்கள் அறையில் அன்று தண்ணீர் 27 டிகிரி இருந்தது, அதற்கு 1.0045. அறைக் காற்றை விட்டுவிட்டுத் தண்ணீரிலேயே வெப்பமானியை வைத்துப் பாருங்கள்.

எடைகள் B2 முதல் B11 வரை இருந்தால் விரிதாளில் இவ்வளவுதான்:

```
V   =AVERAGE(B2:B11)*1.0045
e%  =(V-200)/200*100
s   =STDEV.S(B2:B11)*1.0045
CV% =s/V*100
```

V என்று இருக்கும் இடத்தில் அந்த விடை இருக்கும் கட்டத்தைக் குறிப்பிடுங்கள், s-க்கும் அப்படியே. e என்பது துல்லியத்தைச் சொல்வது: சராசரி, குறித்த அளவிலிருந்து எவ்வளவு விலகியிருக்கிறது. CV என்பது நுட்பத்தைச் சொல்வது: பத்தும் ஒன்றுக்கொன்று எவ்வளவு சிதறியிருக்கின்றன.

அந்தப் பெண்ணின் எடைகளுக்குச் சராசரி 198.36 மில்லிகிராம், அதாவது 199.25 மைக்ரோலிட்டர். துல்லியப் பிழை −0.37 சதவீதம். திட்டவிலக்கம் 0.66 மைக்ரோலிட்டர், CV 0.33 சதவீதம். ஐஎஸ்ஓ 8655 தரநிலை 200 மைக்ரோலிட்டர் பைப்பெட்டுக்குத் துல்லியத்தில் 1.6 மைக்ரோலிட்டர் வரை விடுகிறது, சிதறலில் 0.6 மட்டுமே. ஆக, துல்லியத்தில் தாராளமாகத் தேறிவிட்டு, சிதறலில் மயிரிழையில் தோற்றிருக்கிறது.

இங்கேயே ஒன்று கவனியுங்கள். அட்ஜஸ்ட்மென்ட் கீ மாற்றுவது சராசரியை. தோற்றதோ சிதறல். கீயை எவ்வளவு திருப்பினாலும் சிதறல் அப்படியேதான் இருக்கும்.

“முதல் ஒன்றிரண்டு மட்டும் குறைவு, அப்புறம் சரியாகிவிடுகிறது”

மேலே இருக்கும் பத்தும் இந்த வகைதான். 196.7, 197.8 என்று ஏறி, மூன்றாவதில் 198-ஐத் தாண்டியதும் ஒரே இடத்தில் நின்றுவிடுகிறது. பைப்பெட் கெட்டிருந்தால் மூன்றாவது தடவையில் தானாகக் குணமாகாது. புது டிப்பை நனைக்காமல் ஆரம்பித்திருக்கிறாள்.

நம் பைப்பெட்டில் பிஸ்டன் தண்ணீரைத் தொடுவதில்லை. நடுவில் ஒரு காற்றுத் துண்டு இருக்கிறது. புது டிப்புக்குள் இருப்பது உலர்ந்த காற்று. தண்ணீர் உள்ளே வந்ததும் அதிலிருந்து கொஞ்சம் ஆவியாகி அந்தக் காற்றில் ஏறுகிறது. காற்றுத் துண்டு அந்த அளவுக்கு விரிந்து தண்ணீரைக் கீழே தள்ளுகிறது, நாம் குறைவாக எடுக்கிறோம். இரண்டு மூன்று தடவை ஆனதும் காற்று ஈரத்தால் நிறைந்துவிடும், பிறகு குறைவு நின்றுவிடும். ஏசி ஓடுகிற அறையில் காற்று இன்னும் உலர்ந்திருப்பதால் முதல் எண்ணின் சரிவு பெரிதாகத் தெரியும்.

இதற்கு வழி, டிப்பைப் போட்டதும் ஐந்து முறை தண்ணீரை முழுதாக இழுத்து வெளியே விட்டுவிட்டு, ஆறாவதிலிருந்து எடை எடுப்பது. அதே பைப்பெட்டில், அதே பெட்டி டிப்பில், அதே கையால் மறுபடி எடுக்கச் சொன்னேன்:

```
198.4  198.8  198.6  199.0  198.5
198.7  198.3  198.9  198.6  198.7
```

சராசரி 198.65 மில்லிகிராம், 199.54 மைக்ரோலிட்டர். பிழை −0.23 சதவீதம், CV 0.11 சதவீதம். இரண்டிலும் தேறிவிட்டது. எண்கள் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை, சராசரியின் இரண்டு பக்கமும் மாறி மாறி விழுகின்றன. ஆரோக்கியமான பைப்பெட்டின் வரிசை இப்படித்தான் இருக்கும்.

முதல் தடவையே கீயைத் திருப்பி 199.25-ஐ 200 ஆக்கியிருந்தால் என்ன நடந்திருக்கும்? முக்கால் மைக்ரோலிட்டர் கூட்டியிருப்போம். டிப்பை ஒழுங்காக நனைத்து வேலை செய்யும் நாளில் அது 200.29 கொடுத்துக்கொண்டிருக்கும். எல்லைக்குள்தான், யாரும் கண்டுபிடிக்க மாட்டார்கள். ஆனால் நல்ல பைப்பெட்டை நாமே தவறான கைப்பழக்கத்துக்கு ஏற்ப வளைத்திருப்போம். அந்த முதல் இரண்டு எடைகளை மட்டும் அடித்துவிட்டு மீதி எட்டுக்குக் கணக்குப் போடுகிறவர்களையும் பார்த்திருக்கிறேன். விடை அழகாக வரும். அடிப்பதற்குப் பதில் மறுபடி எடுங்கள், பத்து நிமிட வேலை.

“பத்தும் நெருக்கமாக இருக்கின்றன, ஆனால் எல்லாமே குறைவு”

சிதறல் சின்னது, சராசரி மட்டும் தள்ளியிருக்கிறது. கீயைத் தேடத் தூண்டுவது இந்த அறிகுறிதான். அதற்கு முன் மூன்று இடங்களைப் பாருங்கள்.

முதலாவது Z. அதை மறந்து எடையையே கன அளவாக எழுதியிருந்தால் சேலத்து வெயிலில் 0.45 சதவீதம் சும்மாவே குறையும். எங்கள் 199.54, Z இல்லாமல் 198.65 ஆகத் தெரிந்திருக்கும். பைப்பெட்டின் உண்மையான பிழையைவிடக் கணக்கின் பிழை பெரிது.

இரண்டாவது, குப்பியிலிருந்து ஆவியாதல். தண்ணீரை விட்டுவிட்டு, தராசின் கதவைச் சாத்தி, எண் நிற்கக் காத்திருக்கும் நேரத்தில் குப்பியிலிருந்து தண்ணீர் போய்க்கொண்டே இருக்கிறது. ஒவ்வொரு முறையும் ஏறக்குறைய ஒரே நேரம் காத்திருப்பதால் ஒவ்வொரு எடையும் ஏறக்குறைய ஒரே அளவு குறையும். அதனால்தான் சிதறல் சின்னதாகவே இருந்து நம்மை ஏமாற்றுகிறது. கண்டுபிடிப்பது சுலபம். தண்ணீர் எதையும் சேர்க்காமல், கதவைத் திறந்து, மூடி, வழக்கமான நேரம் காத்திருந்து, எண்ணைக் குறித்துக்கொள்ளுங்கள். இதைப் பத்து முறை செய்து, மொத்தம் எவ்வளவு இறங்கியது என்று பார்த்துப் பத்தால் வகுத்தால் ஒரு சுற்றின் இழப்பு கிடைக்கும். அதை ஒவ்வொரு எடையோடும் கூட்ட வேண்டும். 200 மைக்ரோலிட்டருக்கு 0.1 மில்லிகிராம் இழப்பு பெரிதல்ல. 20 மைக்ரோலிட்டருக்கு அதே 0.1 என்பது அரை சதவீதம்.

இழப்பையே குறைக்க, வாய் குறுகிய கண்ணாடிக் குப்பியை எடுத்து, ஆரம்பத்திலேயே அடியில் கொஞ்சம் தண்ணீர் ஊற்றி வையுங்கள். காலிக் குப்பியில் தொடங்கினால் உள்ளே காற்று உலர்ந்திருக்கும், முதல் சில எடைகள் கூடுதலாக இழக்கும். அப்போது நனைக்காத டிப்பைப் போலவே வரிசை ஏறும், இரண்டும் சேர்ந்தால் குழப்பம். தராசின் அறைக்குள் ஒரு சின்னக் கிண்ணத்தில் தண்ணீர் வைப்பதும் உதவும். ஏசியின் காற்று நேராகத் தராசின் மேல் அடித்தால் அந்தத் திசையை மாற்றாமல் எதைச் செய்தும் பயனில்லை.

மூன்றாவது கை. டிப்பின் நுனியை 2 முதல் 3 மில்லிமீட்டர் ஆழத்துக்கு மட்டும் அமிழ்த்தி, பைப்பெட்டைச் செங்குத்தாகப் பிடித்து இழுக்க வேண்டும். ஆழமாக முக்கினால் வெளிப்பக்கம் ஒட்டிய தண்ணீரும் சேர்ந்து எடை கூடும், சாய்த்துப் பிடித்தாலும் அளவு மாறும். விடும்போது நுனியைக் குப்பியின் உள்சுவரில் தொட்டு இழுக்காவிட்டால் கடைசிச் சொட்டு டிப்பிலேயே தங்கிவிடும்.

இந்த மூன்றும் சரியாக இருந்து, வேறொரு கையும் அதே குறைவைக் காட்டினால், அப்போது கீயை எடுங்கள். திருப்பிய பிறகு பத்தும் மறுபடி எடுக்க வேண்டும். ஒரே ஓர் எடையைப் பார்த்துவிட்டு “சரியாயிருச்சு” என்று மூடி வைப்பது கணக்கில் சேராது.

“சராசரி சரி, ஆனால் எண்கள் தாறுமாறாக இருக்கின்றன”

சிதறல் எந்தப் பக்கம் என்று முதலில் பாருங்கள்.

பெரும்பாலானவை ஒரே இடத்தில் இருந்து, சில மட்டும் கீழே விழுந்திருந்தால் கசிவைச் சந்தேகிக்கலாம். கசிந்தால் தண்ணீர் குறையும், கூடாது. அளவை உச்சத்தில் வைத்து, தண்ணீரை இழுத்து, செங்குத்தாகப் பிடித்து இருபது விநாடி எண்ணுங்கள். நுனியில் துளி திரண்டால் கசிகிறது. உடனே பைப்பெட்டைக் கழற்ற வேண்டாம், டிப்பை மாற்றிப் பாருங்கள். மலிவு டிப் பல பைப்பெட்டின் கூம்பில் சரியாக உட்காருவதில்லை. அதே டிப்பை வேறு பைப்பெட்டில் போட்டுக் கசியாமல் இருந்தால்தான் பழி பைப்பெட்டின் மேல் போகும். அப்போது கூம்பில் கீறல் இருக்கிறதா, ஓ-ரிங் தேய்ந்ததா, சீலில் கிரீஸ் காய்ந்துபோனதா என்று பார்க்கலாம்.

ஒன்றிரண்டு மட்டும் மேலே தாவியிருந்தால் அது பெரும்பாலும் கட்டைவிரலின் வேலை. இழுக்கும்போது முதல் நிறுத்தத்தைத் தாண்டி இரண்டாவது வரை அமுக்கிவிட்டால் பல மைக்ரோலிட்டர் கூடுதலாக உள்ளே வரும். அந்த எண் மற்றவற்றோடு ஒட்டாமல் தனியாகத் துருத்திக்கொண்டு நிற்கும்.

இரண்டு பக்கமும் சம அளவில் சிதறினால் பைப்பெட்டை விட்டுவிட்டுத் தராசைப் பாருங்கள். எதையும் சேர்க்காமல் எண் ஆடுகிறதா? மின்விசிறி, கதவு, பக்கத்து மேசையில் சுற்றும் சென்ட்ரிஃப்யூஜ், எல்லாம் இதில் சேர்த்தி. பிளாஸ்டிக் குப்பி என்றால் நிலைமின்னூட்டம் ஒட்டிக்கொண்டு எண்ணை நகர்த்தும். கண்ணாடிக்கு மாறினால் பெரும்பாலும் அடங்கிவிடும்.

“20 மைக்ரோலிட்டரில் வைத்தால் CV எகிறுகிறது”

இது பைப்பெட்டின் குறையாக இல்லாமல் போகலாம். பல ஆய்வகங்களில் இருப்பது 0.1 மில்லிகிராம் வரை காட்டும் நான்கு இலக்கத் தராசு. 20 மைக்ரோலிட்டரில் அதன் ஒரு படியே அரை சதவீதம். கடைசி இலக்கம் ஒன்று தாவினாலே அது சிதறலாகத் தெரியும். இந்த மாதிரிச் சின்ன அளவைச் சோதிக்க 0.01 மில்லிகிராமாவது காட்டும் தராசு வேண்டும்.

அது இல்லாதவர்களுக்குப் பாதி வழி ஒன்று உண்டு. இடையில் டேர் அமுக்காமல் பத்து முறையும் ஒரே குப்பியில் விட்டு, மொத்தத்தைப் பத்தால் வகுத்தால் துல்லியத்தைப் பற்றி ஓரளவு நம்பத்தக்க பதில் கிடைக்கும். ஆனால் சிதறலைப் பற்றி அந்த ஒற்றை எண் எதுவும் சொல்லாது. சான்றிதழில் அந்தக் கட்டத்தை வெறுமையாக விடுவதே நேர்மை.

இதற்கு நேர்மாறாக, CV நம்ப முடியாத அளவுக்கு நன்றாக வந்தால் விரிதாளைத் திறந்து பாருங்கள். `STDEV.S` இருக்க வேண்டிய இடத்தில் `STDEV.P` இருந்தால் பத்து எடைகளுக்கு விடை ஐந்து சதவீதம் சிறுத்துவிடும். 0.62 மைக்ரோலிட்டரில் தோற்க வேண்டியது 0.59 ஆகித் தேறிவிடும்.

“கீழே சரியாக இருந்தது, ஏற்காட்டில் குறைகிறது”

ஏற்காட்டில் ஒரு காபித் தோட்டத்தில் மண் சோதிக்கும் அறை வைத்திருக்கும் நண்பர் இதைத்தான் சொன்னார். மேலே போனால் பைப்பெட் குறைவாகத்தான் எடுக்கும் என்று அவருக்கு உறுதி. பாதி உண்மை.

டிப்பில் நிற்கும் தண்ணீர் தன் எடையால் காற்றுத் துண்டைக் கீழே இழுத்துச் சற்று நீட்டுகிறது. நீண்ட அளவுக்குத் தண்ணீர் குறைவாக ஏறும். தொழிற்சாலையில் இதையும் சேர்த்தே சரிசெய்து அனுப்புகிறார்கள். ஆனால் காற்றழுத்தம் குறைந்தால் காற்றுத் துண்டு இன்னும் சுலபமாக நீளும். சேலம் கடல் மட்டத்திலிருந்து 300 மீட்டருக்குள் இருக்கிறது, அழுத்தம் சுமார் 98 கிலோபாஸ்கல். ஏற்காடு சுமார் 1500 மீட்டர், அங்கே 85-ஐ ஒட்டி. ஆகவே குறைவு உண்மைதான். எவ்வளவு என்பதுதான் கேள்வி.

எங்கள் பைப்பெட்டை எடுத்துக்கொண்டு இருபது கொண்டை ஊசி வளைவும் ஏறிப் போனேன். போனதும் எடுக்கவில்லை. வெயிலில் காருக்குள் சூடான பைப்பெட்டும் மலைக் குளிரில் இருந்த தண்ணீரும் சேர்ந்தால், தண்ணீர் காற்றுத் துண்டைக் குளிர்வித்துச் சுருக்கி, அளவுக்கு மேல் உள்ளே இழுத்துக்கொள்ளும். இரண்டையும் தராசின் பக்கத்தில் இரண்டு மணி நேரம் வைத்துவிட்டு நண்பரின் காபியைக் குடித்துக்கொண்டிருந்தோம். அவருடைய தராசை எடைக்கல் வைத்துச் சரிபார்த்தோம்.

தண்ணீர் 22 டிகிரி. பத்தின் சராசரி 198.7 மில்லிகிராம். “பாருங்க, கீழ வந்த அதே எடைதானுங்களே, மலை ஒண்ணும் பண்ணலையே” என்று அவரே கட்சி மாறினார். அதுவும் தப்பு. 22 டிகிரித் தண்ணீர் 27 டிகிரித் தண்ணீரைவிட அடர்ந்தது. அங்கத்திய வெப்பநிலைக்கும் அழுத்தத்துக்கும் Z 1.0031. பெருக்கினால் 199.32 மைக்ரோலிட்டர், பிழை −0.34 சதவீதம். கன அளவு 0.22 மைக்ரோலிட்டர் குறைந்திருக்கிறது. தண்ணீரின் அடர்த்தி கூடியதால் அது எடையில் தெரியாமல் மறைந்துவிட்டது. சேலத்து 1.0045-ஐ அப்படியே போட்டிருந்தால் 199.59 வந்து, மலையில் பைப்பெட் நன்றாக வேலை செய்வதாக எழுதியிருப்போம்.

அந்த 0.22-ஐயும் ரொம்பத் தூக்கிப் பிடிக்க வேண்டியதில்லை. CV 0.11 சதவீதம் இருக்கும்போது பத்து எடைகளின் சராசரியே சுமார் 0.07 மைக்ரோலிட்டர் இப்படி அப்படி ஆடும், அது இரண்டு ஊர் எண்ணிலும் உண்டு. இருந்தாலும் திசையும் அளவும் காற்றழுத்தக் கணக்கோடு ஒத்துப்போகின்றன. 1000 மைக்ரோலிட்டர் பைப்பெட்டில் தண்ணீர்த் தூண் உயரம், காற்றுத் துண்டும் பெரிது, அதனால் அங்கே இன்னும் தெளிவாகத் தெரியும். அதுவும் ஏற்காட்டு உயரத்தில் சதவீதத்தின் சில பத்தில் ஒரு பங்குகள்தான்.

நண்பருடைய 1000 பைப்பெட்டோ ஒன்றரை சதவீதம் குறைவாகக் காட்டியது. அத்தனையும் மலையின் தலையில் கட்ட முடியாது. தண்ணீரை இழுத்துச் செங்குத்தாகப் பிடித்தேன். பன்னிரண்டு எண்ணுவதற்குள் நுனியில் துளி திரண்டது. டிப்பை மாற்றினோம், மறுபடியும் துளி. கழற்றிப் பார்த்தால் ஓ-ரிங் தட்டையாகிக் கிடந்தது.